குட்வில் பணம் யாருக்குச் சேரும்?

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கடையில் பங்கு கேட்டு ஒருவர் வந்தால், அவர் இரண்டு வகைப் பணம் கொண்டுவர வேண்டியிருக்கும். ஒன்று, எல்லோருக்கும் தெரிந்த முதல். இன்னொன்று, பேச்சு வழக்கில் குட்வில் என்றும் பாடப்புத்தகத்தில் நற்பெயர் என்றும் சொல்லப்படுவது. பெரும்பாலும் இரண்டும் ஒரே காசோலையில் வந்து கடையின் வங்கிக் கணக்கில் விழுந்துவிடும். அதில் எவ்வளவு எதற்கு, எது யாருக்கு என்று அன்றைக்கே பிரித்து எழுதாமல் விட்ட கடைகளில்தான் பிற்பாடு சண்டை வருகிறது. கணக்குப் பிள்ளையின் வேலை, நமக்கென்ன என்று பங்குதாரர்கள் ஒதுங்கிவிடுவதும் ஒரு காரணம். ஆனால் இதில் கணக்குப் பதிவைவிட முக்கியமான ஒரு நியாயம் இருக்கிறது. அது பிடிபட்டால் பதிவு தானாக வந்துவிடும்.

கும்பகோணத்தில் ஒரு பாத்திரக்கடை என்று வைத்துக்கொள்வோம். பங்குதாரர்கள் இரண்டு பேர்: மாமாவும் மச்சானும். அக்காள் கணவர் ஆரம்பித்த கடை. மைத்துனர் பிறகு சேர்ந்தவர். லாபத்தில் மாமாவுக்கு ஐந்தில் மூன்று பங்கு, மச்சானுக்கு இரண்டு பங்கு. மாமாவுக்கு முழங்கால் வலி. முன்போல நாள் முழுக்கக் கல்லாவில் உட்கார முடியவில்லை. கல்யாணச் சமையல்காரர்களுக்கும் ஓட்டல்களுக்கும் மொத்தமாகப் பாத்திரம் சப்ளை செய்கிற ஒரு இளைஞரை உள்ளே சேர்த்துக்கொள்ளலாம் என்று முடிவாகிறது. அவருக்கு ஐந்தில் ஒரு பங்கு. மச்சானின் பங்கு அப்படியே இருக்கும். மாமா தன் மூன்றில் ஒன்றை விட்டுக்கொடுப்பார். ஏப்ரல் 1 முதல் லாபம் 2:2:1 என்று பிரியும்.

இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் 1932இன் 31ஆம் பிரிவுப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், இருக்கும் கூட்டாளிகள் அத்தனை பேரும் சம்மதித்தால்தான் புதிதாக ஒருவரைச் சேர்க்க முடியும். மச்சானும் சம்மதித்துவிட்டார் என்று கொள்வோம். அதே பிரிவின் அடுத்த பகுதி புதியவருக்குச் சாதகமானது. அவர் சேருவதற்கு முன்னால் கடை செய்த காரியங்களுக்கு, சேர்ந்த ஒரே காரணத்தால் அவர் கடனாளி ஆகமாட்டார். பழைய கடன் பழையவர்களுடையது. இந்த வரியை நினைவில் வைத்துக்கொண்டால் பாதிக் கணக்கு புரிந்துவிடும். பழைய நஷ்டத்துக்குப் புதியவர் பொறுப்பில்லை என்றால், பழைய லாபத்திலும் அவருக்குப் பங்கில்லை.

எனவே அவர் உள்ளே வருவதற்கு முன்பு பழைய கணக்கைத் துடைத்து முடிக்க வேண்டும். மார்ச் 31 அன்று கடையின் நிலை இது. மாமாவின் முதல் 9,00,000 ரூபாய்; மச்சானுடையது 6,00,000. முந்தைய ஆண்டுகளின் லாபத்தில் பிரிக்காமல் ஒதுக்கிவைத்த பொதுக்காப்பு 1,50,000. சரக்குக் கொடுத்தவர்களுக்குத் தர வேண்டியது 2,50,000. ஆக 19,00,000. மறுபக்கம் சரக்கு 9,00,000, வர வேண்டிய பாக்கி 4,00,000, அலமாரி, ரேக் வகையறா 2,50,000, வண்டி 1,50,000, வங்கியில் 2,00,000.

ஏட்டில் இருக்கும் மதிப்பு கடையில் இருக்கும் மதிப்பு அல்ல என்பது வியாபாரம் செய்கிற எல்லோருக்கும் தெரியும். பரணில் கிடக்கும் பழைய மாடல் டிபன் கேரியர்களும் எவர்சில்வர் குடங்களும் வாங்கிய விலையில்தான் சரக்குக் கணக்கில் நிற்கின்றன. அவற்றை இன்று எடைக்குத்தான் போட முடியும். 60,000 ரூபாய் குறைகிறது. பாக்கியில் 40,000 இனி வராது என்று இருவருக்குமே தெரியும், எழுத மட்டும் மனம் வரவில்லை. இதற்கு எதிராக, கட்டட உரிமையாளரிடம் கொடுத்த 50,000 அட்வான்ஸ், கொடுத்த வருஷத்திலேயே வாடகைச் செலவாக எழுதப்பட்டுவிட்டது. அது திரும்பி வரக்கூடிய பணம், எனவே சொத்து. இந்த மூன்றையும் மறுமதிப்பீட்டுக் கணக்கு என்ற ஒன்றைத் திறந்து எழுதினால் நிகர நஷ்டம் 50,000 வரும். பழைய விகிதமான 3:2இல் மாமாவுக்கு 30,000, மச்சானுக்கு 20,000 நஷ்டம். பொதுக்காப்பு 1,50,000ஐயும் அதே விகிதத்தில் பிரித்தால் மாமாவுக்கு 90,000, மச்சானுக்கு 60,000 வரவு. முடிவில் மாமாவின் முதல் 9,60,000. மச்சானின் முதல் 6,40,000. இரண்டும் சேர்ந்து சரியாக 16,00,000.

இந்த வேலையைச் செய்யாமல் விட்டால் என்ன ஆகும்? பொதுக்காப்பு அப்படியே கிடந்து, அடுத்த வருஷம் புது விகிதத்தில் பிரிக்கப்பட்டால், புதியவருக்கு 30,000 ரூபாய் சும்மா கிடைக்கும். அவர் கடையில் காலடி வைப்பதற்கு முன்பு சம்பாதித்த பணம் அது. அதேபோல வராத பாக்கியை அடுத்த வருஷம் எழுதித் தள்ளினால், அவர் கொடுக்காத கடனுக்கு அவர் 8,000 ரூபாய் நஷ்டப்படுவார். இரண்டுமே அநியாயம், திசைதான் வேறு.

இனி குட்வில். அது இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. லாபம் வருகிற கடைக்கெல்லாம் குட்வில் உண்டு என்று நினைப்பது தவறு. நம் பாத்திரக்கடை கடந்த மூன்று ஆண்டுகளில் 8,20,000, 9,10,000, 9,70,000 என்று லாபம் பார்த்திருக்கிறது. சராசரி 9,00,000. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மாமாவும் மச்சானும் காலை முதல் இரவு வரை கடையில் நிற்கிறார்கள்; சம்பளம் என்று எதுவும் எடுப்பதில்லை. அவர்கள் இடத்தில் இரண்டு மேனேஜர்களை வைத்தால் ஆளுக்கு மாதம் 15,000 வீதம் வருஷத்துக்கு 3,60,000 கொடுக்க வேண்டும். அதைக் கழித்தால் 5,40,000. அடுத்து, கடையில் போட்டிருக்கும் 16,00,000 முதலுக்கு, இந்த வியாபாரத்தின் ஆபத்தைக் கணக்கில் எடுத்தால் 15 சதவீத வருமானமாவது நியாயம் என்று மூவரும் ஒப்புக்கொள்கிறார்கள். அது 2,40,000. அதையும் கழித்தால் மிஞ்சுவது 3,00,000.

இந்த 3,00,000தான் பெயருக்காக வருகிற பணம். எதிர்ச்சாரியில் அதே முதலோடு, அதே உழைப்போடு இன்னொருவர் கடை போட்டால் அவருக்கு இது கிடைக்காது. கல்யாணச் சீர் வாங்க மூன்று தலைமுறையாக இங்கேயே வருகிற குடும்பங்களால் இது வருகிறது. உயர் லாபம் என்று பாடப்புத்தகம் இதைத்தான் சொல்கிறது. இந்த நிலை இன்னும் இரண்டு ஆண்டு நீடிக்கும் என்று எடுத்துக்கொண்டு இரண்டால் பெருக்கினால் கடையின் குட்வில் 6,00,000. சராசரி லாபத்தையே நேராக இரண்டால் பெருக்கியிருந்தால் 18,00,000 வந்திருக்கும். ஒரே கடை, ஒரே மூன்று வருஷக் கணக்கு, மூன்று மடங்கு வித்தியாசம். எந்த முறை என்பதைப் பேசி முடிக்காமல் தொகையைப் பேசுவது வீண். சிறு கடைகளுக்கு, உரிமையாளர்கள் தாங்களே உழைக்கும் இடங்களில், உயர் லாப முறையே நேர்மையானது என்பது என் கருத்து. சராசரி லாப முறையில் பழையவர்களின் உழைப்புக் கூலிக்கும் புதியவர் விலை கொடுக்கிறார்.

6,00,000இல் புதியவருக்கு வரும் ஐந்தில் ஒரு பங்கு 1,20,000. இதுதான் அவர் முதலுக்கு மேலாகக் கொண்டுவர வேண்டிய குட்வில் தொகை.

இப்போது மச்சான் கேட்கிறார்: “மாமா, அதுல எனக்கு 48,000 வரும்ல?”

அவர் கேட்பதில் ஆச்சரியமில்லை. மறுமதிப்பீட்டு நஷ்டத்தை 3:2இல் சுமந்தார்; பொதுக்காப்பை 3:2இல் வாங்கினார். குட்வில்லும் இத்தனை வருஷம் இருவரும் சேர்ந்து வளர்த்த பெயர்தானே? அப்படியானால் 1,20,000ஐயும் 3:2இல் பிரித்து மாமாவுக்கு 72,000, தனக்கு 48,000 என்பது அவர் வாதம். பல கடைகளில் கணக்கும் அப்படித்தான் எழுதப்படுகிறது.

அது தவறு. மாமா சிரித்துக்கொண்டே, “நீ எதை விட்டுக்கொடுத்த மாப்ளே?” என்று திருப்பிக் கேட்டால் போதும். மச்சானுக்கு நேற்று வரை லாபத்தில் நூற்றுக்கு 40. இன்றைக்கும் 40. அவர் எதையும் இழக்கவில்லை. மாமாவுக்கு 60 ஆக இருந்தது 40 ஆகிவிட்டது. புதியவர் வாங்கிய 20ஐ விற்றவர் மாமா ஒருவர்தான். நற்பெயர்த் தொகை என்பது கடந்த காலத்துக்கான பரிசு அல்ல. இனி வரப்போகும் லாபத்தில் ஒரு பகுதியை ஒருவர் மற்றொருவருக்கு விற்பதற்கான விலை. விற்றவருக்குத்தான் விலை சேர வேண்டும். எவ்வளவு விற்றாரோ அவ்வளவுக்கு. பழைய பங்கிலிருந்து புதிய பங்கைக் கழித்தால் கிடைப்பதைத் தியாக விகிதம் என்று பிளஸ் 2 கணக்குப்பதிவியல் சொல்வது இதைத்தான். நம் கடையில் மாமாவின் தியாகம் ஐந்தில் ஒன்று, மச்சானின் தியாகம் பூஜ்யம்.

அப்படியானால் மச்சான் வளர்த்த பெயருக்கு மதிப்பே இல்லையா? இருக்கிறது. அது அவரிடமே இருக்கிறது. கடையின் 6,00,000 குட்வில்லில் நேற்று அவருக்கு 2,40,000 சொந்தம். இன்றும் 2,40,000 சொந்தம். விற்காத பொருளுக்குக் காசு கேட்கிறார் என்பதுதான் பிரச்சினை.

நம்ப மறுப்பவர்களுக்குப் பழைய காலத்துக் கணக்குப் பிள்ளைகளின் ஒரு வழி கைகொடுக்கும். குட்வில் முழுவதையும் ஏட்டுக்குக் கொண்டுவந்து பழைய விகிதத்தில் வரவு வையுங்கள்: மாமாவுக்கு 3,60,000, மச்சானுக்கு 2,40,000. உடனே அதையே புது விகிதத்தில் அடித்துத் தள்ளுங்கள்: மாமாவுக்கு 2,40,000 பற்று, மச்சானுக்கு 2,40,000 பற்று, புதியவருக்கு 1,20,000 பற்று. கூட்டிக் கழித்தால் மாமாவுக்கு 1,20,000 வரவு, மச்சானுக்கு ஒன்றுமில்லை, புதியவர் 1,20,000 தர வேண்டும். எந்த விகிதம் சொன்னாலும் இந்தக் கணக்கு பொய் சொல்லாது. விகிதக் கணக்கில் தடுமாறும் மாணவர்களும் விடையைச் சரிபார்க்க இதைப் பயன்படுத்தலாம்.

இந்தச் சோதனை இன்னொரு மறைந்த விஷயத்தையும் காட்டிக்கொடுக்கும். மாமா இன்னும் அதிகமாக ஒதுங்கி, புது விகிதம் 3:5:2 என்று ஆகியிருந்தால்? மாமாவின் 60 சதவீதம் 30 ஆகிறது, மச்சானின் 40 சதவீதம் 50 ஆகிறது, புதியவருக்கு 20. இங்கே மாமா விற்றது 30. அதில் 20ஐப் புதியவர் வாங்குகிறார், 10ஐ மச்சான் வாங்குகிறார். எனவே புதியவர் 1,20,000 தருவது போல மச்சானும் 60,000 தர வேண்டும். மாமாவின் முதல் கணக்கில் 1,80,000 வரவு. அதில் 60,000 மச்சானின் முதல் கணக்கில் பற்று. புதியவர் வரும்போது பழையவர் ஒருவரும் சத்தமில்லாமல் லாபம் அடைந்திருக்கக்கூடும் என்பது யார் கண்ணிலும் படுவதில்லை. உறவுக்குள் கணக்குப் பார்க்க வேண்டாம் என்று மாமா விட்டுக்கொடுத்தால் அது அவர் பெருந்தன்மை. ஆனால் தெரிந்து விட்டுக்கொடுக்க வேண்டும்.

நாம் 2:2:1 கணக்குக்கே திரும்புவோம். புதியவர் முதலாக எவ்வளவு போட வேண்டும்? பங்கு விகிதப்படிதான் முதல் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை; அது அவர்களுக்குள் பேசிக்கொள்வது. பெரும்பாலானவர்கள் அப்படி வைத்துக்கொள்ளவே விரும்புகிறார்கள். மாமாவும் மச்சானும் சேர்ந்து வைத்திருக்கும் 16,00,000 இனி ஐந்தில் நான்கு பங்கு என்றால், மொத்த முதல் 20,00,000. புதியவரின் ஐந்தில் ஒரு பங்கு 4,00,000. ஆக அவர் தரும் தொகை முதல் 4,00,000, குட்வில் 1,20,000, மொத்தம் 5,20,000. ஒரே ஆளிடம் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது; எனவே வங்கி வழியாகத்தான்.

ஏட்டில் அது இப்படி ஏறும். வங்கிக் கணக்கில் 5,20,000 பற்று. புதியவரின் முதல் கணக்கில் 4,00,000 வரவு, நற்பெயர்க் கணக்கில் 1,20,000 வரவு. அடுத்த பதிவிலேயே நற்பெயர்க் கணக்கைப் பற்று வைத்து, மாமாவின் முதல் கணக்கில் 1,20,000 வரவு. நற்பெயர்க் கணக்கு வந்த நிமிஷமே காலியாகிவிடுகிறது. அது பணம் கடந்துபோகும் வாசல்படி மட்டுமே. மாமா அந்தத் தொகையைக் கையில் எடுத்துக்கொள்ள விரும்பினால், அவர் முதல் கணக்கில் பற்று, வங்கியில் வரவு. நம் மாமா முழங்காலுக்கு வைத்தியம் பார்க்க வேண்டியவர். எடுத்துக்கொண்டார் என்று வைப்போம். அவர் முதல் மறுபடி 9,60,000.

கடையிலேயே விட்டுவைக்கவும் அவருக்கு உரிமை உண்டு. ஆனால் அப்போது பழையவர்களின் முதல் 17,20,000 ஆகிவிடும். விகிதப்படி புதியவர் போட வேண்டிய முதலும் 4,30,000 ஆக உயரும். எடுப்பாரா, விடுவாரா என்பதைப் பணம் வருவதற்கு முன்பே பேசிவிட வேண்டும்.

புது விகிதப்படி மாமாவுக்கும் மச்சானுக்கும் ஆளுக்கு 8,00,000 முதல் இருந்தால் போதும். மாமாவிடம் 1,60,000 கூடுதல்; மச்சானிடம் 1,60,000 குறைவு. தொகை ஒன்றாக இருப்பது தற்செயல் அல்ல. இருவரின் கூட்டு முதலை வைத்துத்தான் புதியவரின் முதலையே கணக்கிட்டோம்; ஒருவரின் கூடுதல் மற்றவரின் குறைவாகத்தான் இருந்தாக வேண்டும். மச்சான் 1,60,000 கொண்டுவந்து போட, மாமா அதை எடுத்துக்கொண்டால் விஷயம் முடிந்தது. மச்சானிடம் கையில் பணம் இல்லையென்றால், இருவருக்கும் நடப்புக் கணக்கு என்று தனியாக ஒன்று திறந்து, மாமாவுக்கு 1,60,000 வரவு, மச்சானுக்கு 1,60,000 பற்று என்று எழுதிவைக்கலாம். மச்சானின் பங்கு லாபத்திலிருந்து ஆண்டுதோறும் கழியும்.

அந்தப் பணத்துக்கு வட்டி உண்டா என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதிவிடுவது நல்லது. ஒப்புக்கொண்ட முதலுக்கு மேல் கடைக்காக ஒருவர் கொடுத்த பணத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், ஆண்டுக்கு 6 சதவீத வட்டி என்று கூட்டாண்மைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு சொல்கிறது. முதலுக்கு வட்டி என்பதோ ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால்தான் உண்டு. அதுவும் லாபத்திலிருந்து மட்டும்தான்.

ஏப்ரல் 1 அன்று கடையின் இருப்புநிலைக் குறிப்பைப் பாருங்கள். மூவரின் முதல் 8, 8, 4 லட்சம். மாமாவின் நடப்புக் கணக்கில் 1,60,000 வரவு, மச்சானுடையதில் 1,60,000 பற்று. சரக்குக் கொடுத்தவர்களுக்கு 2,50,000. எதிர்ப்பக்கம் சரக்கு 8,40,000, பாக்கி 3,60,000, தளவாடங்கள் 2,50,000, வண்டி 1,50,000, கடை அட்வான்ஸ் 50,000, வங்கியில் 6,00,000. மச்சானின் பற்றை மாமாவின் வரவுக்கு எதிரே வைத்துப் பார்த்தால் இரு பக்கமும் 22,50,000. இத்தனை பேச்சுக்கும் காரணமான குட்வில் எங்கும் ஒரு வரியாகக்கூட இல்லை. அப்படித்தான் இருக்க வேண்டும். தானாக வளர்ந்த பெயரைச் சொத்தாக ஏட்டில் காட்டக்கூடாது என்பது கணக்கியல் தரநிலை 26இன் விதி. பழைய ஏட்டில் எப்போதோ எழுதிவைத்த குட்வில் இருந்தால், புதியவர் வருவதற்கு முன் அதைப் பழைய விகிதத்தில் பழையவர்களின் முதல் கணக்கில் பற்று வைத்து நீக்கிவிட வேண்டும்.

தவறுகள் எங்கே நடக்கின்றன? மிக அதிகமாக நடப்பது, புதியவர் கொண்டுவந்த 5,20,000 முழுவதையும் அவருடைய முதலாகவே வரவு வைத்துவிடுவது. வந்தது ஒரே காசோலை. அதைப் பார்த்தவர் முதல் என்று எழுதிவிட்டார். விளைவு கொஞ்சமல்ல. புதியவர் குட்வில்லே கொடுக்கவில்லை என்று ஆகிவிடும். முதலுக்கு 12 சதவீத வட்டி என்று ஒப்பந்தம் இருந்தால், அந்த 1,20,000க்கு ஆண்டுதோறும் 14,400 ரூபாய் அவருக்கு வட்டி வேறு சேரும். நாளை அவர் விலகும்போது 5,20,000ஐயும் திருப்பிக் கேட்பார். ஏடு அவர் பக்கம்தான் பேசும். மாமா விற்ற பங்குக்கு மாமாவுக்கு ஒரு காசு கிடைத்திருக்காது.

இன்னொரு தவறு, குட்வில்லைக் கடையின் வருமானமாக லாபநட்டக் கணக்கில் போட்டுவிடுவது. அப்போது அந்த 1,20,000 வருஷக் கடைசியில் புது விகிதத்தில் பிரியும். மாமாவுக்கு 48,000, மச்சானுக்கு 48,000, புதியவருக்கே 24,000. தான் கொடுத்த விலையில் ஒரு பகுதி அவருக்கே திரும்பி வருகிறது. விற்றவருக்குப் பாதிகூட இல்லை. போதாததற்கு, விற்பனை லாபம் அல்லாத ஒன்றைக் கடையின் வருமானமாகக் காட்டி வரி கட்டும் நிலையும் வரும். மாமா கைக்கு வந்த தொகையை வருமான வரி எப்படிப் பார்க்கும் என்பது தனிக் கேள்வி. அதை ஒப்பந்தம் எழுதும் முன்பே ஆடிட்டரிடம் கேட்டுவிட வேண்டும்.

வேறு சிலர் ஏடே வேண்டாம் என்று குட்வில்லைத் தனியாக, கைக்குக் கை கொடுத்துவிடுகிறார்கள். பங்குதாரர்கள் தங்களுக்குள் நேரடியாகக் கொடுத்து வாங்குவதில் தவறில்லை; அப்போது கடையின் ஏட்டில் எந்தப் பதிவும் வராது. ஆனால் கொடுத்ததற்கு ஒப்பந்தத்தில் ஒரு வரியும் வங்கிச் சுவடும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பத்து வருஷம் கழித்து இரண்டு பேரின் பிள்ளைகளும் இரண்டு கதை சொல்வார்கள்.

புதியவர் பக்கத்திலும் ஒரு நியாயமான சந்தேகம் உண்டு. கொடுத்த 1,20,000 மாமாவின் முழங்காலுக்குப் போய்விட்டது; தனக்கு என்ன மிச்சம்? அவர் வாங்கியது வருங்கால லாபத்தில் ஐந்தில் ஒரு பங்கு. நாளை அவர் விலகினால், அன்றைக்குக் கடையின் குட்வில் எவ்வளவோ அதில் ஐந்தில் ஒரு பங்கு அவருக்குச் சேர வேண்டும். அதை அவர் பங்கை எடுத்துக்கொள்பவர்கள் தருவார்கள். கூட்டாண்மைச் சட்டத்தின் 14ஆம் பிரிவே, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், குட்வில்லைக் கூட்டாண்மையின் சொத்தில் சேர்த்திருக்கிறது. அன்றைய குட்வில் 10,00,000 என்றால் அவருக்கு 2,00,000. ஊரில் புதிதாக வந்த பெரிய கடையால் பெயர் மங்கி, உயர் லாபம் இல்லாமல் போயிருந்தால் பூஜ்யம். முதல் திரும்பி வரும்; குட்வில் வந்தால் உண்டு. புதியவர் கொடுப்பதற்கு முன் இந்த வித்தியாசத்தை அவருக்கு யாராவது சொல்ல வேண்டும். சொல்வதில்லை.

கையில் அவ்வளவு பணம் இல்லாத புதியவருக்காக ஏட்டிலேயே சரிக்கட்டும் வழியும் இருக்கிறது. 4,00,000 மட்டும் கொண்டுவந்தால், அதில் 1,20,000ஐ அவர் முதல் கணக்கில் பற்று வைத்து மாமாவுக்கு வரவு வைக்கலாம். அப்போது புதியவரின் முதல் 2,80,000தான். பங்கு விகிதத்துக்குப் பொருந்தாது. குறைவதை எப்போது நிரப்புவார் என்று எழுதிக்கொள்ள வேண்டும்.

ஏட்டு வேலை முடிந்தபின் காகித வேலை கொஞ்சம் உண்டு. புது ஒப்பந்தம் முத்திரைத்தாளில் எழுதப்பட வேண்டும். கடை பதிவு பெற்றதாக இருந்தால் கூட்டாண்மைப் பதிவாளருக்கு மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும். ஜிஎஸ்டி பதிவில் கூட்டாளி சேர்ந்ததை 15 நாட்களுக்குள் விண்ணப்பித்துத் திருத்த வேண்டும். வங்கியில் கையெழுத்து அதிகாரமும் மாறும்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் நாளில், பழையவரோ புதியவரோ, நீங்கள் ஆடிட்டரிடம் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று. புதியவரின் முதல் கணக்கில் எந்தத் தொகை நிற்கிறது? நம் பாத்திரக்கடையில் 4,00,000 என்று பதில் வந்தால் போடுங்கள். 5,20,000 என்று வந்தால் பேனாவை மூடிவிட்டு ஏட்டைத் திருத்தச் சொல்லுங்கள்.